பட்டனுக்கு அடியில் போன உதவி எண்

செய்தி நிறுவனம் ஒன்றின் மழை எச்சரிக்கைக் காணொளி ரீல்ஸில் வருகிறது. வெள்ளம் சூழ்ந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை அழைக்கச் சொல்லி, அந்த எண்ணைத் திரையின் அடியில் போட்டிருக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணில் படுவதோ அந்த நிறுவனத்தின் கணக்குப் பெயரும் இரண்டு வரி விவரிப்பும்தான். எண் அவற்றுக்கு அடியில் கிடக்கிறது. நமது செய்தி நிறுவனங்கள் பல இதை வாடிக்கையாகவே செய்துவருகின்றன. இது வன்மையான கண்டனத்துக்குரியது.

எடிட்டிங் மென்பொருளில் 'சேஃப் மார்ஜின்' கோடு போட்டுத்தான் வேலை செய்கிறோம் என்பார்கள். அந்தக் கோடே தொலைக்காட்சிக்கு வகுத்தது. எழுத்துக்கான உள்கோடு வழக்கமாக நான்கு பக்கமும் பத்து சதவீதம் விடும். 1080க்கு 1920 என்ற செங்குத்துச் சட்டத்தில் அது அடியில் 192 பிக்சல். ஆனால் ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா நிறுவனமே சொல்லும் அளவு மேலே 14, கீழே 35, பக்கங்களில் 6 சதவீதம். கீழே மட்டும் 672 பிக்சல்! அடியிலிருந்து 220 பிக்சல் உயரத்தில் வைத்த உதவி எண் தொலைக்காட்சிக் கோட்டில் தேறிவிடும், கைபேசியில் மறைந்துவிடும். எடிட்டரின் கணினித் திரையில் லைக் பட்டனும் இல்லை, ஷேர் பட்டனும் இல்லை. அங்கே பார்த்துவிட்டு 'ஓகே' சொல்வது சோதனையே ஆகாது.

வலப்பக்கத்திலும் இதே அலட்சியம். பட்டன்கள் அங்கே வரிசையாக நிற்பதால், கீழ்ப்பாதியில் ஆறு சதவீத இடைவெளி போதாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'கட்டுப்பாட்டு அறை' என்று ஒரே வரியில் இழுத்தால் கடைசி எழுத்துகள் பட்டனுக்குள் போகும். வரியை இரண்டாக உடைத்தால் தீர்ந்தது.

எழுத்தை மேலே ஏற்றினால் முகம் மறையும் என்பது சாக்கு. முகம் மேல்பாதியில் அமையுமாறு படம் பிடியுங்கள்; சப்டைட்டில் நெஞ்சளவில், மேலிருந்து 1,200 பிக்சலுக்குள் முடியட்டும். காது கேளாதவர்களுக்கு அந்த வரிகள்தான் செய்தியே. படத்தோடு ஒட்டிப் பதித்த எழுத்தைப் பார்ப்பவர் நகர்த்திக்கொள்ளவும் முடியாது.

வெளியிட்ட பிறகு கோப்பை மாற்ற இன்ஸ்டாகிராமும் விடாது, யூடியூப்பும் விடாது. எனவே உதவி எண்ணோ எச்சரிக்கையோ மறைந்திருக்கும் காணொளிகளை நீக்கி, எழுத்தை இடம் மாற்றி, மறுபடி ஏற்றுங்கள். பார்வை எண்ணிக்கை போய்விடுமே என்ற கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். இனி ஒவ்வொரு காணொளியையும் முதலில் தனிப்பட்ட முறையில் ஏற்றி, செயலிக்குள் கைபேசியில் பார்த்த பின்னரே பொதுவில் விட வேண்டும். அந்தப் பொறுப்பு எடிட்டரோடு முடிவதில்லை. ஒப்புதல் தரும் ஆசிரியரைச் சேர்ந்தது.