‘மாற்றித் தரவும்’ என்றால் எதை?

சில ஆண்டுகளுக்கு முன் மத்திய மும்பையின் ஒரு கிளைக்கு வந்த மின்னஞ்சலில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. ‘என் கணக்கைத் திருநெல்வேலிக்கு மாற்றித் தரவும். அவசரம்.’ அனுப்பியவர் சுனாபட்டியில் நெடுங்காலமாக மளிகைக் கடை நடத்தி வருபவர். அப்பகுதியில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. சேமிப்புக் கணக்கும் சிறிய லாக்கர் ஒன்றும் அவருக்கு அக்கிளையில் இருந்தன.

அன்று அதைப் படித்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் மூவரில் ஒருவர். அவருக்கு அதில் ஐயமே எழவில்லை. ஊருக்குத் திரும்பும் வாடிக்கையாளர்கள் கணக்கையும் உடன் கொண்டு செல்வது வழக்கம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கும் திருநெல்வேலிக்காரர்கள் பரவியிருப்பதால், ‘ஊர்க் கிளைக்கு மாற்ற வேண்டும்’ என்ற கோரிக்கையை மாதந்தோறும் பார்த்தவர் அவர். கையொப்பமிட்ட படிவம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினார். அண்ணாச்சி அதைப் படிக்காமலே கையொப்பமிட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் கணக்கு திருநெல்வேலிக் கிளைக்குப் போய்விட்டது. அவசரம் என்றவருக்கு விரைந்து செய்து கொடுத்த நிறைவு எங்களுக்கு.

அண்ணாச்சி கேட்டது அதுவன்று. ஊரில் தனியாக இருந்த எண்பது வயதுத் தாயாருக்கு அவர் மாதந்தோறும் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தனுப்புவார். அதுவரை பணத்தைக் கொண்டு சேர்த்த உறவினர் வெளியூர் சென்றுவிட்டார். ஆகவே இனி ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்தத் தொகை தம் கணக்கிலிருந்து தாயாரின் கணக்குக்குத் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் விருப்பம். வங்கியில் இதை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்பர். குறித்த நாளில், குறித்த தொகையை, குறித்த கணக்குக்கு அனுப்புமாறு வாடிக்கையாளர் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடுவது. கணக்கு ஊருக்குப் போயிற்று, பணம் போகவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி தாயார் தொலைபேசியில் அழைத்து, மருந்துக் கடையில் கடன் சொல்லி வாங்கியிருப்பதாகக் கூறிய பின்புதான் செய்தி எங்களை எட்டியது.

கிளை மாறும்போது என்னென்ன மாறும் என்பதை வாசகர்களும் அறிந்திருத்தல் நலம். எல்லாக் கிளைகளும் ஒரே கணினி அமைப்பில் இணைந்திருப்பதால், பொதுவாகக் கணக்கு எண் மாறுவதில்லை. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறும். அதன் பதினோர் எழுத்துகளில் கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை. காசோலைப் புத்தகத்தைப் புதிதாக வாங்கிக்கொள்ளுமாறு பல வங்கிகள் சொல்லும். லாக்கரோ எங்கும் போகாது. அது சுவரோடு இருப்பது. அண்ணாச்சியின் நகைகள் மும்பையிலும், அந்த லாக்கருக்கு வாடகை பிடிக்கப்படும் கணக்கு திருநெல்வேலியிலுமாக நின்றன. கணக்கில் ஒரு திருத்தம் செய்ய வந்தவரை, ‘உங்கள் ஹோம் பிராஞ்ச் இதுவல்லவே’ என்று அதே கவுண்டரில் திருப்பி அனுப்பும் நிலையும் வந்தது. எல்லாவற்றையும் முன்பிருந்தபடி ஆக்குவதற்கு, முதலில் செய்த வேலையைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடித்தது.

‘தம்பி, நான் மாத்தணும்னுதானே எழுதினேன்?’ என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதில் பிழையில்லை. ‘மாற்று’ என்பது தமிழில் மிகவும் உழைக்கும் சொல். நோட்டை மாற்றுகிறோம், அது சில்லறையாகிறது. செக்கை மாற்றுகிறோம், அது ரொக்கமாகிறது. பெயரை, முகவரியை, கைபேசி எண்ணை மாற்றுகிறோம். ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை மாற்றுகிறோம். இவ்வளவையும் ஒரே வினைச்சொல் சுமக்கும்போது, நமக்கு மிகவும் பழக்கமான பொருளையே மனம் எடுத்துக்கொள்கிறது. வழக்கத்தில் ஊறிய அனுபவசாலியே இதில் எளிதில் சறுக்குவார் என்பது எங்கள் துணிபு. அன்று அந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஊழியர் ஒருவர் இருந்திருந்தால், தெரியாமல் விழித்து, அண்ணாச்சியையே கேட்டிருப்பார்.

கேட்டிருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டும்? பின்னாளில் நாங்கள் மூவரும் அமர்ந்து, அனுப்பாமல் விட்ட அந்த மறுமொழியை எழுதிப் பார்த்தோம்.

‘வணக்கம் அண்ணாச்சி. தங்கள் கோரிக்கை கிடைத்தது. பிழையின்றிச் செய்ய மூன்று விவரங்கள் வேண்டும். தாங்கள் இனித் திருநெல்வேலியில் தங்கப் போகிறீர்களா, சுனாபட்டியிலேயே இருப்பீர்களா? இக்கணக்கை ஊரில் வேறு எவரேனும் கையாள வேண்டுமா, பணம் மட்டும் அங்கே சேர்ந்தால் போதுமா? எந்தத் தேதிக்குள் தேவை? தாங்கள் ஊருக்கே குடிபெயர்வதாயின் கிளையை மாற்றலாம். ஆனால் லாக்கர் இங்கேயே இருக்கும்.’

முதற்கேள்வி கிளை மாற்றத்தைத் தனியே பிரித்துவிடும். சுனாபட்டியிலேயே இருப்பதாக அவர் சொன்னால், அந்தப் படிவத்தை எடுக்கவே தேவையில்லை. இரண்டாவது, எஞ்சிய இரு வழிகளைப் பிரிக்கும். வேறொருவர் கையாள வேண்டுமெனில் அவர் பெயரைக் கூட்டுக் கணக்காகச் சேர்க்க வேண்டும். இருவரும் கையொப்பமிட வேண்டும். சேர்பவரின் அடையாள, முகவரிச் சான்றுகளும் தேவைப்படும். பணம் மட்டும் போதுமெனில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். மூன்றாவது கேள்வி, இந்த மாதத் தொகையை இன்றே தனியாக அனுப்பிவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாமா என்பதைச் சொல்லும். தாயாரின் மருந்துக் கடைக் கடன் இந்த மூன்றாவது கேள்வியில்தான் அடங்கியிருந்தது.

தாயாரின் கணக்கு எண், அவரது வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி., தொகை, எத்தனை மாதங்களுக்கு என்பனவெல்லாம் அந்த மறுமொழியில் இல்லை. அவை வழி தெரிந்த பின் கேட்க வேண்டியவை. எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே அடுக்கினால் பத்துக் கேள்விகளாகும். பெறுபவர் ஒன்றுக்கும் விடை எழுதமாட்டார். கேள்வி ஒவ்வொன்றையும் நாங்கள் ஒரு சோதனைக்கு உட்படுத்தினோம்: ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் நாம் ஒரே வேலையைத்தான் செய்வோமா? அப்படியாயின் அக்கேள்வி வேண்டாம். லாக்கர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அது நம் திரையிலேயே தெரியும். அதைக் கேட்பதைவிட, அது இங்கேயே இருக்கும் என்று தெரிவிப்பதே பயன். மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்பதும் முக்கியம். இன்றொன்று, நாளை மறுநாள் ஒன்று என வந்தால் வாடிக்கையாளர் அதை இழுத்தடிப்பு என்றே கொள்வார், அது நியாயமும்கூட.

இக்கலையை நம்மைவிட நெடுநாளாகப் பயின்றவர்கள் நூலகர்கள். அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நூலகத்துக்கு வருபவர் தம் உண்மைத் தேவையை அப்படியே கேட்பதில்லை என்று காட்டினார். நூலகம் எதைத் தரக்கூடும் என்று தாமே ஊகித்து, தேவையை அதற்கேற்ப வளைத்துக் கேட்கிறார். கேட்பவரின் நோக்கம் என்ன, எவ்வகை விடை அவருக்குப் பயன்படும் என்று நூலகர் உசாவித்தான் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அண்ணாச்சியும் அதையே செய்தார். ‘அம்மாவுக்குப் பணம் போக வேண்டும்’ என்பதை வங்கி மொழியாக்கியபோது அது ‘கணக்கை மாற்றித் தரவும்’ என்றாகிவிட்டது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதை வாசகரின் நேரத்தைக் காப்பதற்கென்றே ஒதுக்கினார். கேள்வி கேட்பது நேரத்தை வீணாக்கும் என்ற வாதம் எங்கள் கிளையிலும் அடிக்கடி ஒலிக்கும். முப்பது பேர் வரிசையில் நிற்கும் திங்கட்கிழமைக் காலையில் அவ்வாதத்தை எதிர்ப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் எழுத்தில் வந்த கோரிக்கைக்கு அந்த வரிசை இல்லை.

கேட்கும் முறையும் ஒன்றுண்டு. ‘எதற்கு?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால், தம் பணத்துக்குத் தாமே கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதாக வாடிக்கையாளர் சினம் கொள்வார். இதுவா, அதுவா என்று வழிகளை முன்வைத்தால் அந்தச் சினம் எழுவதில்லை. தமக்குத் தெரியாத ஒரு வழி இருப்பதையும் அவர் அறிகிறார். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என ஒன்று உண்டு என்பதே அண்ணாச்சிக்குத் தெரியாது.

கேள்வியை ஒத்திவைக்க வேண்டிய தருணமும் உண்டு. ‘கார்டைக் காணவில்லை’ என்று செய்தி வந்தால், எங்கே, எப்போது என்று உசாவிக்கொண்டிருத்தல் தவறு. முதலில் அட்டையை முடக்க வேண்டும். வீட்டில்தான் எங்கோ வைத்துவிட்டாரா, வெளியே தொலைத்தாரா என்பதை அதன்பின் கேட்கலாம். புதிய அட்டை வேண்டுமா என்பது அந்த விடையைப் பொறுத்தது. தாமதத்தால் நேரும் இழப்பு தவறான ஊகத்தால் நேரும் இழப்பைவிடப் பெரிதாயின், செயலே முந்த வேண்டும்.

வாடிக்கையாளர்கள் கேள்விகளுக்கு அஞ்சுவதற்கு இக்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்துவிட்டது. மோசடிக்காரர்களும் கேள்விதான் கேட்கிறார்கள். ஆகவே தெளிவுபடுத்தும் கேள்வி, நோக்கத்தையும் தேதியையும் பற்றியதாகவே இருக்க வேண்டும். ஓ.டி.பி., பின் எண், கடவுச்சொல் ஆகியவற்றை எந்த வங்கி ஊழியரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் வங்கி ஊழியர் அல்லர். ஐயம் இருப்பின், வந்த செய்திக்கு விடை எழுதாமல், பாஸ்புக்கில் உள்ள கிளை எண்ணை நீங்களே அழைத்து விடை சொல்லலாம். கேள்வி கேட்ட ஊழியர் அதற்காக வருந்தமாட்டார்.

அண்ணாச்சி இன்னமும் சுனாபட்டியில்தான் இருக்கிறார். அண்மையில் அதே கிளைக்கு அவர் மீண்டும் எழுதினாராம்: ‘லாக்கரை மாற்றித் தரவும்.’ இப்போது அங்கிருக்கும் இளம் அதிகாரி, பெரிய லாக்கர் வேண்டுமா, வேறொருவர் பெயரையும் சேர்க்க வேண்டுமா, சாவியில் ஏதும் சிக்கலா என்று அன்றே கேட்டு எழுதியிருக்கிறார். மறுநாள் காலை விடை வந்தது. ‘சாவிதான் தம்பி. பூட்டு இறுகுது.’