தாத்தா கோட்டுக்குள்ள நீங்க!

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. பட்டாசாலையில வரிசையா மாட்டியிருக்கிற கண்ணாடிச் சட்டங்கள்ல தாத்தாவோட கல்யாண போட்டோ ஒண்ணு. "அட, இதை எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுவோமே"ன்னு மொபைலைத் தூக்கி ஒரு க்ளிக். வந்த படத்துல தாத்தா இருக்கார், ஆச்சி இருக்காங்க. கூடவே தாத்தாவோட கறுப்புக் கோட்டு நடுவுல, மொபைலைப் பிடிச்சுக்கிட்டு... நீங்க!

புளியங்குடியில எங்க ஆச்சி வீட்டுல எனக்கு நடந்தது இதேதான். படத்தைக் காட்டினதும் ஆச்சி சிரிச்சாங்க. "ஏலே, எங்க கல்யாணத்துக்கு நீயும் வந்துட்டியாலே!"

சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துட்டு ஸ்கேன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நானும் நினைச்சேன். ஆச்சி கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் அப்படித்தான் கழற்றினாராம். கண்ணாடியோட சேர்ந்து படத்துல இருந்தவங்க பாதி முகமும் உரிஞ்சு வந்துடுச்சாம். இது கட்டுக்கதை இல்ல ஃப்ரெண்ட்ஸ். பழைய கறுப்பு வெள்ளை போட்டோவோட மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டா அது இளகிப் பசை மாதிரி ஆயிடும். மலையடிவாரத்து ஊர்ல எத்தனை மழைக்காலம் பார்த்திருக்கும் அந்தப் படம்! கண்ணாடியை ஒட்டியே இருந்த பிரிண்ட் அதோட ஒட்டிப் போயிடுது. ஒட்டியிருக்கான்னு பார்க்க, சட்டத்தைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. ஈரம் பட்ட மாதிரி மினுமினுப்பான திட்டு தெரிஞ்சா ஒட்டியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் அதுல கை வைக்காதீங்க.

பெரும்பாலும் இந்தப் படங்களுக்கு வேற பிரதியும் கிடையாது. எடுத்த ஸ்டுடியோவும் மூடியிருக்கும், நெகடிவும் போயிருக்கும். இப்படி அழிஞ்சுட்டு இருந்த தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடிச்சு டிஜிட்டல் ஆக்குற வேலையை 2010-களில் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செஞ்சது. உங்க வீட்டுச் சட்டத்துக்கு ஆள் வரமாட்டாங்க. நாமதான் செய்யணும், அதுவும் கண்ணாடியோடயே.

முதல்ல, நாம ஏன் சரியா கோட்டுக்குள்ள மட்டும் தெரியுறோம்? சாதாரணக் கண்ணாடியோட ஒவ்வொரு பக்கமும் நேரா விழுற வெளிச்சத்துல சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ரெண்டு பக்கமும் சேர்ந்து 8. நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அது வெளிச்சத்துல 80 சதவீதத்தைத் திருப்புதுன்னு வெச்சுக்குவோம். அதுல 8 சதவீதம்னா ஆறரைக்குக் கிட்ட. போட்டோவுல கறுப்பா இருக்கிற கோட்டு திருப்புறதே 5 சதவீதம் அளவுக்குத்தான். அதாவது என் சட்டையோட பிம்பம் தாத்தா கோட்டை விட வெளிச்சம்! ஆச்சியோட வெளிர் நிறப் பட்டுல அதே ஆறரை விழுந்தா கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் கோட்டு, தலைமுடி, நிழல் மாதிரி இருட்டான இடமாப் பார்த்து நாம குடியேறுறோம்.

இதுல ஒரு சங்கதியை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. பிம்பம் படத்தோட வெளிச்சத்தைக் கூட்டும். ஒருநாளும் குறைக்காது. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்தா உங்க உருவம் கறுப்பு நிழலா விழுமே, அது உங்களால வந்த கறை இல்ல. சுத்தி இருக்கிறதுதான் வாசல் வெளிச்சம் படிஞ்ச கறை. உங்க நிழலுக்குள்ள மட்டும்தான் படம் சுத்தமா இருக்கு!

இனி வேலைக்கு வருவோம். நம்ம வீடுகள்ல சட்டத்தை உயரத்துல, முன்பக்கம் சாய்ச்சு மாட்டுவோம் இல்லையா? கீழே நிக்கிறவர் மூஞ்சி அதுல விழ அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதனால மெதுவா இறக்கி, நாற்காலி மேல சுவரோடு சாய்ச்சு வெச்சேன். ஃப்ளாஷும் டியூப்லைட்டும் ஆஃப். வாசல் கதவைச் சாத்தினேன். பக்கத்து ஜன்னல் ஒண்ணுல இருந்து மட்டும் படத்து மேல சரிவா வெளிச்சம். நான் நின்ன இடம் இருட்டு. அடுத்து, வீட்டுல கறுப்புத் துணி என்ன இருக்குன்னு தேடினா, மாமா சபரிமலைக்குக் கட்டுற கறுப்பு வேட்டி! அதைத் தலையோட போர்த்திக்கிட்டு, மடிப்புக்கு நடுவுல மொபைல் மட்டும் வெளியே தெரியுற மாதிரி பிடிச்சேன். துணியும் 5 சதவீதம் திருப்பும், அதுல 8 சதவீதம்னா 0.4. கோட்டுக்குப் பக்கத்துல அது ஒண்ணுமே இல்ல.

பாதிப் பேருக்கு இதோட வேலை முடிஞ்சுடும். எனக்கு முடியல. மொபைலும் அதைப் பிடிச்ச விரல்களும் கோட்டுப் பொத்தான் பக்கத்துல அப்படியே நின்னுச்சு. லென்ஸுக்கு முன்னால துணி போட முடியாதே!

இங்கதான் ரெண்டாவது படம் தேவைப்படுது. மொபைலோட பிம்பம் எப்பவும் மொபைலுக்கு நேர் எதிரே கண்ணாடியில விழும். மொபைலை 10 சென்டிமீட்டர் நகர்த்தினா பிம்பமும் சட்டத்து மேல 10 சென்டிமீட்டர் நகரும். கோட்டு நகராது. மொபைலும் விரலும் சேர்ந்து அகலம் 16 சென்டிமீட்டர்னா, கண்ணாடி மேல அதோட பிம்பம் பாதிதான், 8 சென்டிமீட்டர். அப்போ 12 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு படம் எடுத்தா முதல் படத்துல மறைஞ்ச இடம் இதுல தெளிவா இருக்கும். வேட்டி போர்த்தாம எடுத்தா இந்தக் கணக்கு முழு உடம்புக்கும் பொருந்தும். 45 சென்டிமீட்டர் தோளுக்கு 22-க்கு மேல நகரணும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரெண்டு படத்துக்கும் வெளிச்ச அளவு ஒண்ணா இருக்கணும். திரையில படத்தை விரலால அழுத்திப் பிடிச்சா பல மொபைல்கள்ல எக்ஸ்போஷர் லாக் ஆகும். லாக் பண்ணிட்டே நகருங்க.

கம்ப்யூட்டர்ல இலவச GIMP போதும். `File > Open as Layers` மூலமா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா திறங்க. மேல இருக்கிற லேயரோட Mode-ஐ `Difference` ஆக்குங்க. அப்புறம் Perspective கருவியால நாலு மூலையையும் இழுத்துப் பொருத்துங்க. ரெண்டு படமும் சரியாப் பொருந்தின இடம் கறுப்பா ஆகும். எல்லாம் கறுத்து, ரெண்டு பேய் உருவம் மட்டும் பளிச்சுன்னு நின்னா பொருத்தம் கச்சிதம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கவே ஜாலியா இருக்கும்! பொருத்தும்போது மரச்சட்டத்தோட ஓரத்தைப் பார்க்காதீங்க. அது படத்தை விட ஒரு சென்டிமீட்டராவது முன்னால நிக்குது, நகர்ந்து எடுக்கும்போது தனியா நகரும். நான் முதல்ல அதை வெச்சுப் பொருத்தி அரைமணி நேரம் வீணாக்கினேன். கண், பொத்தான், ஸ்டுடியோ திரைச்சீலையோட மடிப்பு, இதைப் பாருங்க.

இப்போ Mode-ஐ `Darken only`-க்கு மாத்துங்க. ஒவ்வொரு புள்ளியிலயும் ரெண்டு படத்துல எது இருட்டோ அதை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக்கும். பிம்பம் வெளிச்சத்தைக் கூட்டத்தானே செய்யும்? அப்போ இருட்டானதுதான் நிஜம். விரலும் போச்சு, மொபைலும் போச்சு. கூகுள் 2016-ல் விட்ட PhotoScan-ம் இதே ஐடியாதான். பல இடத்துல இருந்து படம் எடுக்கச் சொல்லி, பொருத்தி, இருட்டான புள்ளிகளைப் பொறுக்கும்.

ஆனா இருட்டைப் பொறுக்குறதுல ஒரு வம்பு இருக்கு. பொருத்தம் ஒரு நூல் விலகினாலும் கறுப்புக் கோடெல்லாம் தடிக்கும். 200 சதவீதம் பெருசாக்கிப் பார்த்தேன். ஆச்சிக்குப் புருவம் மை தீட்டின மாதிரி, மூக்குத்தி காணோம்! மூக்குத்தி வெளிச்சப் புள்ளி இல்லையா, அதைப் பக்கத்து இருட்டு தின்னுடுச்சு. அதனால மேல் லேயருக்கு கறுப்பு மாஸ்க் போட்டு மறைச்சுட்டு, பிம்பம் இருந்த இடத்துல மட்டும் வெள்ளை பிரஷ்ஷால திறந்தேன். முகம் முழுக்க ஒரே படத்துல இருந்து வந்தது.

"க்ளோன் டூல்ல தேய்ச்சா ரெண்டு நிமிஷம்தானே?"ன்னு கேட்பீங்க. பின்னால இருக்கிற திரைச்சீலையில தாராளமா தேய்க்கலாம். கோட்டுல தேய்ச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? பிம்பம் விலகின இடத்துல தாத்தா பாக்கெட்ல ஒரு பேனா கிளிப் தெரிஞ்சது. ஆச்சி ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "எங்கப்பா குடுத்த பேனாலே அது"ன்னாங்க. தேய்ச்சிருந்தா அங்க வெறும் கறுப்புத் துணிதான் இருந்திருக்கும்.

எல்லாத்தையும் இந்த வழி சரி பண்ணாது. எதிர்ச் சுவர் முழுக்க வெள்ளைன்னா ரெண்டு படத்துலயும் ஒரே அளவு வெளுப்பு படியும். எது இருட்டுன்னு ஒப்பிட வித்தியாசமே இல்ல. அதுக்கு எதிர்ச் சுவருல கறுப்புத் துணி தொங்கவிடணும், இல்லேன்னா Levels-ல கறுப்பை இறக்கிச் சமாளிக்கணும். போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வாங்க. அது கண்ணாடிக்கு நேர்க்கோட்டுல இருந்து சுமார் 56 டிகிரி சாய்வா நின்னு பார்த்தாத்தான் முழுசா வேலை செய்யும். நேருக்கு நேர் நின்னா உங்க மூஞ்சி அப்படியேதான் இருக்கும்.

கடைவீதி ஷோகேஸுக்கு ரெண்டு பட வித்தை சரிப்படாது. உள்ளே பொம்மை முன்னால, சேலை பின்னால. நீங்க நகர்ந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு நகரும், எதை எதோட பொருத்துவீங்க? அங்க லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டி வெச்சு, சுத்திலும் கையால மறைச்சு எடுங்க. வெளி வெளிச்சம் நுழைய இடமே இல்லேன்னா பிம்பம் எங்கிருந்து வரும்?

கடைசியா சரியான படத்தை தென்காசியில பிரிண்ட் போட்டு சட்டம் மாட்டினோம். இந்தத் தடவை கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல சுத்திலும் மவுண்ட் அட்டை வெச்சு, ஒண்ணோட ஒண்ணு தொடாம. பழசை ஆச்சி இறக்க விடல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தொங்குது, முன்பக்கம் சாய்ஞ்சே.