வசதிப் பட்டியல் போதாது

“விற்பனை மின்னஞ்சலில் மென்பொருளின் வசதிகளை வரிசையாக எழுதுங்கள், பயனை வாங்குபவரே புரிந்துகொள்வார்” என்கிறார்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலுக்காக யாரும் அந்த உழைப்பைச் செலவிடுவதில்லை.

ஜிஎஸ்டி கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். “ஜிஎஸ்டிஆர்-2பி தானியங்கி ஒப்பீடு” என்பது வசதி. அதனால் என்ன? சப்ளையர் ஏற்றாத பில் 2பி-யில் வராது. வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. அந்தத் தொகையை முதலாளிதான் கைக்காசாகக் கட்டுவார். ஆகவே அவருக்கு இப்படி எழுதலாம்: “எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்பது 14ஆம் தேதி 2பி வந்ததுமே தெரிந்துவிடும். அவருக்குப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம்.” கணக்காளருக்கு எழுதினால், 20ஆம் தேதி தாக்கலுக்கு முன் பில் பில்லாகச் சரிபார்க்கும் வேலை குறைவதைச் சொல்ல வேண்டும்.

பயன் என்ற பெயரில் மிகைப்படுத்துகிறார்கள் என்ற புகார் மட்டும் நியாயமானது. “அதனால் என்ன” என்ற கேள்வியை இன்னும் ஒரு படி நீட்டினால் “தொழில் வளரும்” என்று முடியும். அதை எந்த மென்பொருளுக்கும் எழுதலாம். வாங்குபவரின் பணமோ நேரமோ கண்ணில் படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.