மருந்துக்கடைப் பேச்சு: மாத்திரைக்கு முன்னால் உப்பு டப்பா

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கடைக்கு வந்தால் மூன்று பெயர்களைச் சேர்த்தே கேட்கிறார்கள்: அயோடின், கால்சியம், வைட்டமின் டி. மூன்றும் உடம்புக்கு வேண்டியவைதான். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டுக்கும் உதவலாம்.

காலி உறை ஒன்றை மேசையில் வைத்தார். 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர்.

"அண்ணாச்சி, இதுல இன்னும் நாலு குடுங்க. கால்சியம் ஒரு அட்டை. அயோடின் மாத்திரை தனியா இருக்கா?"

"டாக்டர் சீட்டு இருக்கா தாயி?"

"இல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதினது. அவங்ககிட்ட மிச்சம் இருந்துச்சு. அடுத்த மாசத்துல இருந்து குழந்தைக்குப் பாக்கலாம்னு இருக்கோம். உள்ளயே வேலை, வெயிலே படுறதில்ல. அதான் சாப்பிடுதேன்."

"எப்படிச் சாப்பிடுதீங்க?"

"தினம் ராத்திரி பால்ல கலந்து. நாலு நாளாச்சு."

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் டி சுமார் 600 யூனிட். இந்த உறையில் இருப்பது அதைப்போல நூறு மடங்கு. குறைபாடு இருப்பவர்களுக்கு டாக்டர் இதை வாரத்துக்கு ஒன்று என்று எழுதுவார்; பெரும்பாலும் எட்டு வாரம். தினமும் ஒன்று என்று தொடர்ந்தால் வைட்டமின் உடம்புக் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு என்று அது வெளியே தெரியும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும்.

"அய்யய்யோ, இப்ப என்ன அண்ணாச்சி செய்ய?"

"பயப்படாதீங்க. நாலு உறைன்னா 2,40,000 யூனிட். குறைபாடு உள்ளவங்களுக்கு டாக்டருங்க சில நேரம் இவ்வளவு அளவை ஒரே தடவையாவே குடுக்கிறதுண்டு. ஆனா இதோட நிப்பாட்டுங்க. டாக்டர்கிட்ட நாலு நாள் சாப்பிட்டதைச் சொல்லி, ரத்தத்துல வைட்டமின் டி, கால்சியம் ரெண்டும் பாக்கணுமான்னு கேளுங்க. கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?"

"பத்து நாள் ஆச்சு."

"சரி. அதையும் டாக்டர்கிட்ட சொல்லிருங்க."

உறை ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்தது கால்சியம்.

"அதாவது குடுங்க. கர்ப்பத்துக்கு முன்னாடியே எலும்பு பலமா இருக்கணும்லா?"

ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1,000 மில்லிகிராம். ஒரு தம்ளர் பாலிலோ தயிரிலோ 240 அளவுக்கு வரும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 அளவுக்கு இருக்கும். முருங்கைக்கீரையும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் சேர்ந்தால் பலருக்கும் சாப்பாட்டிலேயே கணக்கு நேராகிவிடும். அரசின் வழிகாட்டுதல்படி கால்சியம் மாத்திரை ஆரம்பிப்பது கர்ப்பத்தின் 14-வது வாரத்தில். 500 மில்லிகிராம் மாத்திரை தினம் இரண்டு, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. இதை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அதிலும் வைட்டமின் டி சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

"அட்டையில 1,250-ன்னு போட்டிருக்கே?"

"அது கால்சியம் கார்பனேட் உப்போட எடை. அதுக்குள்ள இருக்கிற கால்சியம் 500தான். அப்போ இதைச் சாப்பாட்டோட போடணும். இரும்புச்சத்து மாத்திரையோட சேத்துப் போடக்கூடாது, ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். சேத்துப் போட்டா இரும்பு உடம்புல ஒழுங்கா சேராது. தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்கன்னா நாலு மணி நேரம் விடணும்."

மூன்றில், கருவுறுமுன்பே சரிசெய்ய வேண்டியது அயோடின். வயிற்றில் உள்ள குழந்தையின் தைராய்டு சுரப்பி முதல் மூன்று மாதம் சொந்தமாக வேலை செய்யாது. அந்த நாட்களில் மூளை வளர அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் வேண்டும். அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். கர்ப்பம் உறுதியாகும்போதே சில வாரங்கள் போயிருக்கும். அதனால் இருப்பு முன்கூட்டியே இருக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு பெண்ணுக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250.

"வீட்ல என்ன உப்பு தாயி?"

"தூத்துக்குடி கல்லுப்புதான். மூட்டையா வாங்குவோம். கடல் உப்புலயே அயோடின் இருக்கும்லா?"

நம்ம பக்கத்தில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடல்நீரை உப்பளத்தில் காயவைக்கும்போது உப்பில் தங்கும் அயோடின் மிகக் கொஞ்சம். இந்துப்பும் அப்படித்தான். அதனால்தான் தொழிற்சாலையில் தனியாகச் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். கடைசி வரிசையில் நாம்தான். உப்பு விளையும் இடம் பக்கத்தில் இருப்பதே நமக்கு வினையாகிவிட்டது.

அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சட்டப்படி அயோடின் உள்ள உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். ஒருவர் நாளைக்கு எட்டு கிராம் சாப்பிட்டால் 120 வரும். சமையல் சூட்டில் கொஞ்சம் போகும். பால், முட்டை, மீனில் இருந்து கொஞ்சம் வரும். கர்ப்பத்துக்கு முந்தைய தேவைக்கு ஏறக்குறைய அது போதும். மூட்டைக் கல்லுப்பில் இந்த 120 அப்படியே இல்லாமல் போகிறது.

"மாமியார் தூளுப்பைத் தொடமாட்டாங்க அண்ணாச்சி. கல்லுப்பு போட்டாத்தான் குழம்புங்காங்க."

"கல்லுப்பே வாங்குங்க. அயோடின் சேத்த கல்லுப்பும் பாக்கெட்டுல வருது. பாக்கெட்டுல 'அயோடின் கலந்தது'ன்னும் தேதியும் இருக்கான்னு பாருங்க. ஆனா கழுவிப் போடாதீங்க. அயோடின் கல்லு மேலதான் ஒட்டியிருக்கும், கழுவுற தண்ணியோட போயிரும். மூடின டப்பாவுல, அடுப்புக்குப் பக்கத்துல இல்லாம வைங்க."

அப்படியானால் அயோடின் மாத்திரை? அமெரிக்கத் தைராய்டு சங்கம், திட்டமிடும் பெண்கள் மூன்று மாதம் முன்பிருந்தே தினம் 150 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறது. உப்பு இத்தனை நாள் சரியில்லாத வீட்டில் அது நியாயமான யோசனை. இந்த அளவு பல கர்ப்பகால மல்டிவைட்டமின்களிலேயே இருக்கும். ஆனால் தைராய்டுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. கடற்பாசி மாத்திரை யாருக்குமே வேண்டாம். அதில் அயோடின் எவ்வளவு என்று நம்ப முடியாது, அளவு மீறினாலும் தைராய்டு கெடும். அதனால் முதலில் டாக்டரிடம் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன்.

"அப்போ இன்னைக்கு ஒண்ணுமே வாங்க வேண்டாமா?"

"ஒண்ணு வேணும். ஃபோலிக் ஆசிட். நீங்க கேக்காத மாத்திரை அதுதான் இப்பவே தேவை."

குழந்தையின் முதுகுத்தண்டு கருவான நாலு வாரத்துக்குள் மூடிவிடும். அதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் உடம்பில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடைகளில் அதிகம் கிடைப்பது 5 மில்லிகிராம். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு டாக்டர் எழுதும் அளவு அது. வாங்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது குழந்தைக்குத் திட்டமிடுகிறார்களா? இன்று சமையலறைக்குப் போய் உப்பு எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். மூட்டை உப்பு என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். அந்த மாற்றத்துக்குச் சீட்டும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்.