ஆகஸ்ட் 31 கெடு: பழுதில்லாத செயலி புதிய கைபேசியில் காணாமல் போவது ஏன்?

பாலக்காடு: மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரே வீட்டில் இரு கைபேசிகள் இருப்பதாகக் கொள்வோம். தந்தையின் பழைய கைபேசியில் ஒரு செயலியைத் தேடினால் பிளே ஸ்டோரில் கிடைக்கிறது. ஓணச் சலுகையில் வாங்கிய மகளின் புதிய கைபேசியில் அதே பெயரைத் தேடினால் வருவதில்லை. செயலியை யாரும் நீக்கவில்லை. அதில் பழுதும் இல்லை. அதை உருவாக்கியவர் இரண்டு ஆண்டுகளாக அதைத் தொடவில்லை என்பதே காரணம்.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு 13க்கு 33, 14க்கு 34, 15க்கு 35. செயலியை உருவாக்குபவர் தம் செயலி எந்தப் பதிப்பின் விதிகளை ஏற்று நடக்கும் என்பதை அதற்குள்ளேயே `targetSdk` என்ற இடத்தில் எழுதி வைக்கிறார். இதுவே இலக்கு எண். 2018 முதல் கூகுள் நிறுவனம் இந்த எண்ணுக்கு ஆண்டுதோறும் கெடு விதித்து வருகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும், ஏற்கனவே உள்ள செயலிகளின் திருத்தப் பதிப்புகளும் 35ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் கெடு. அவகாசம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு நவம்பர் 1 வரை தரப்பட்டது. அந்த ஆகஸ்ட் 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஐந்தாம் நாள் திருவோணம். கேரளத்தில் புதிய கைபேசி விற்பனை சூடுபிடிக்கும் வாரத்தில் கெடு முடிந்தது தற்செயல்தான் என்றாலும், விளைவைத் தெளிவாகக் காட்டும் தற்செயல்.

திருத்தமே வெளியிடாமல் விட்டுவிட்டாலும் விதி விடுவதில்லை. 2025 கெடுவின்படி பழைய செயலிகளின் இலக்கு குறைந்தது 34 ஆக இருக்க வேண்டும். இல்லையெனில், செயலியின் இலக்கைவிடப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு ஓடும் கைபேசிகளில் புதிய பயனர்களுக்கு அது காட்டப்படாது. முன்பே நிறுவியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம், மீண்டும் பதிவிறக்கவும் செய்யலாம். ஆகவே செயலி ஒரேயடியாக மறைவதில்லை. புதிதாக வருபவர்களுக்கு மட்டும் கதவு மூடப்படுகிறது. உருவாக்கியவரின் கைபேசியில் எல்லாம் வழக்கம்போல் இருப்பதால், கதவு மூடியது அவருக்குத் தெரிய நாளாகும்.

பெரு நிறுவனங்களுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வழக்கமான வேலை. ஒப்பந்தக்காரரோ மாணவரோ செய்துகொடுத்த சிறு செயலிகளுக்குத்தான் இது சுமை. தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி எல்லையோரங்களில் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே வாழும் மக்களுக்கு இத்தகைய செயலிகள் வெறும் வசதி அல்ல. கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீட்டில் பாம்பைக் கண்டவர் செயலி வழியே தகவல் தந்தால், அருகிலுள்ள பயிற்சி பெற்ற மீட்பாளர்களுக்கு அது சென்று சேரும். இதன் உயிர்நாடி இரண்டு: மீட்பாளர் இருக்கும் இடத்தை அறிவது, அவரது கைபேசியில் அறிவிப்பை ஒலிக்கச் செய்வது. கடந்த சில ஆண்டுகளில் ஆண்ட்ராய்டு விதிகளை அதிகம் இறுக்கியதும் இந்த இரண்டிலேயே.

இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும் ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். யானை நடமாட்டத்தை ஊரார் ஒருவருக்கொருவர் தெரிவிக்க, ஒரு தன்னார்வக் குழுவுக்காக 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாணவர் உருவாக்கியது. அப்போதைய விதிப்படி இலக்கு 31. அதன் பின் தொடவே இல்லை. 2024 ஆகஸ்டில் பழைய செயலிகளுக்கான குறைந்தபட்ச இலக்கு 33 ஆனபோதே ஆண்ட்ராய்டு 13, 14 கைபேசிகளின் புதிய பயனர்களுக்கு இது மறைந்திருக்கும். ஓராண்டு கழித்து ‘கிடைக்கவில்லை’ என்ற புகார் வந்த பிறகு, மாணவர் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றுகிறார்.

```
compileSdk = 35
targetSdk = 35
```

மாற்றியது இரண்டு வரிகள்தான். ஆனால் 31லிருந்து 35க்குத் தாவும்போது இடைப்பட்ட பதிப்புகளின் விதிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் செயலுக்கு வருகின்றன. இலக்கு எண் வெறும் அடையாளச் சீட்டு அன்று. ‘இந்த விதிகளுக்கு நான் தயார், பழைய சலுகைகள் வேண்டாம்’ என்று இயங்குதளத்துக்குக் கொடுக்கும் ஒப்புதல் அது.

முதலில் வெளிப்படுவது சத்தமாக உடையும் பிழை. செயலி திரையில் இல்லாதபோதும் இருப்பிடத்தைத் தொடர்ந்து அறியும் பகுதி, தன் வேலை எவ்வகையானது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது 34இன் விதி. `foregroundServiceType="location"` என்ற குறிப்பு இல்லையென்றால், அந்தப் பகுதி தொடங்கும் கணத்திலேயே செயலி மூடிக்கொள்ளும். எரிச்சலூட்டும் பிழைதான், ஆனால் முதல் சோதனையிலேயே பிடிபட்டுவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

ஆபத்தானது ஓசையின்றி நேர்வது. இலக்கு 33க்குக் கீழ் இருக்கும்வரை, ஆண்ட்ராய்டு 13 கைபேசியில் அறிவிப்புக்கான அனுமதியை இயங்குதளமே பயனரிடம் கேட்டு வாங்கித் தந்தது. 33ஐத் தொட்டதும் அந்தப் பொறுப்பு செயலியின் தலையில் விழுகிறது. `POST_NOTIFICATIONS` என்ற அனுமதியைப் பட்டியலில் சேர்த்து, செயலி ஓடும்போது பயனரிடம் கேட்கவும் வேண்டும். மாணவர் இதைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் மாற்றினால் செயலி திறக்கும், வரைபடம் தெரியும், தகவல் சேவையகத்துக்குச் செல்லும். அறிவிப்பு மட்டும் வராது. பிழைச் செய்தி இல்லை, செயலி மூடுவதும் இல்லை.

இது ஏன் சோதனையில் சிக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவரின் கைபேசியில் செயலி முன்பே இருக்கிறது. அனுமதியும் முன்பே கிடைத்திருக்கிறது. திருத்தப் பதிப்பை அதன்மேல் நிறுவும்போது பழைய அனுமதி அப்படியே தொடர்கிறது. ஆண்ட்ராய்டு 12க்கும் கீழான கைபேசிகளில் இந்த அனுமதியே கிடையாது என்பதால் அங்கும் அறிவிப்பு வரும். ஆக, பழைய பயனர்கள் அனைவருக்கும் ஒலிக்கும். புதிதாக நிறுவியவர்களுக்கு மட்டும் ஒலிக்காது. யாருக்காகத் திருத்தம் வெளியிடப்பட்டதோ, அவர்களுக்கே பயன் இல்லை. ‘யானை வரவில்லை, அதனால் அறிவிப்பும் வரவில்லை’ என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கண்டறியும் வழி எளிது. ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தைய கைபேசியில் செயலியை முழுவதும் நீக்கிவிட்டு, புதிதாக நிறுவிப் பார்க்க வேண்டும். அனுமதி கேட்கும் பெட்டி வராவிட்டால் திருத்தம் முடியவில்லை என்று பொருள். நீக்கி நிறுவ நேரமில்லாதவர்கள் கைபேசியைக் கணினியுடன் இணைத்து, அனுமதியைப் பறித்துவிட்டும் சோதிக்கலாம். கீழே செயலியின் பெயர் எடுத்துக்காட்டுக்காக மட்டும்.

```
adb shell pm revoke com.example.app android.permission.POST_NOTIFICATIONS
```

மூன்றாவது மாற்றம் கண்ணுக்குத் தெரிவது. இலக்கு 35 ஆனதும், ஆண்ட்ராய்டு 15 கைபேசியில் செயலியின் திரை மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை விரிகிறது. திரையின் அடியில் இருந்த ‘தகவல் அனுப்பு’ பொத்தான், கைபேசியின் வழிச்செலுத்தும் பட்டைக்குப் பின்னால் போய்விடலாம். மூன்று பொத்தான் பட்டை வைத்திருப்பவருக்கு அது பாதி மறையும். விரலால் தள்ளும் முறையைப் பயன்படுத்துபவருக்கு ஓரளவு தெரியும். விளிம்புகளின் அளவைக் கேட்டறிந்து இடைவெளி விடும்படி ஒவ்வொரு திரையையும் திருத்துவதே சரியான தீர்வு. `windowOptOutEdgeToEdgeEnforcement` என்ற ஒரு வரியால் தற்காலிகமாகத் தப்பிக்கவும் இடமிருக்கிறது. பலர் தேர்வது இதைத்தான்.

இலக்கு எண்ணை உயர்த்தினால் பழைய கைபேசிகள் கைவிடப்படும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறு. எந்தப் பதிப்பு முதல் செயலி நிறுவப்படும் என்பதைத் தீர்மானிப்பது `minSdk` என்ற வேறொரு எண். இலக்கு 35 ஆன செயலி, எட்டு ஆண்டுப் பழைய கைபேசியிலும் ஓடலாம். ஆனால் அச்சத்தில் ஒரு துளி உண்மையும் உண்டு. இலக்கை உயர்த்தும்போது அறிவிப்பு, வரைபடம் ஆகியவற்றுக்கான துணை நூலகங்களையும் புதுப்பிக்க நேரும். அவற்றின் புதிய பதிப்புகள் தாமே `minSdk` எண்ணை உயர்த்தக் கோருவதுண்டு. கைமாறிக் கைமாறி வந்த கைபேசிகள் புழங்கும் மலைக்கிராமங்களில் அந்த இடத்தில்தான் சிலர் வெளியே தள்ளப்படுகிறார்கள். எனவே எத்தனை கைபேசிகள் இழக்கப்படும் என்பதைப் பார்த்த பிறகே நூலகத்தைப் புதுப்பிப்பது நல்லது.

இவ்வளவும் மூலக்கோப்புகள் கையில் இருந்தால்தான். கெடு பற்றிய எச்சரிக்கை கூகுள் பிளே கணக்குக்குரிய மின்னஞ்சலுக்குச் செல்கிறது. அந்தக் கணக்கு ஒப்பந்தக்காரரின் பெயரிலோ, படிப்பு முடித்து வளைகுடா சென்றுவிட்ட மாணவரின் பெயரிலோ இருந்தால், செயலியின் உரிமையாளர் எனக் கருதப்படும் குழுவுக்கு எதுவும் தெரியாது. பதிவேற்றச் சாவி தொலைந்தால், கையொப்பச் சாவியைக் கூகுளே காக்கும் முறையில் சேர்ந்தவர்கள் புதிய பதிவேற்றச் சாவியைக் கேட்டுப் பெறலாம். கணக்கையே அணுக முடியாவிட்டால், வேறு பெயரில் புதிய செயலியாக வெளியிட்டு, பயனர்களை ஒவ்வொருவராக மாறச் சொல்வதைத் தவிர எளிய வழி இல்லை.

ஸ்டோரில் கிடைக்காத செயலியின் கோப்பை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து நிறுவுவது ஊர்களில் உடனே தோன்றும் தீர்வு. இலக்கு மிகவும் பழையதாக இருந்தால் அதுவும் நடக்காது: ஆண்ட்ராய்டு 14 இலக்கு 23க்குக் கீழானவற்றையும், ஆண்ட்ராய்டு 15 இலக்கு 24க்குக் கீழானவற்றையும் நிறுவ மறுக்கின்றன. மேலும், வாகன அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த போலிச் செயலிக் கோப்புகளால் பணம் பறிபோன புகார்கள் கேரளத்திலும் எழுந்துள்ளன. வனத்துறைத் தகவல் என்று சொல்லி வரும் கோப்பையும் அந்தப் போலிகளையும் சாதாரணப் பயனரால் பிரித்தறிய இயலாது. பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட கெடுவே சிலரைப் பாதுகாப்பற்ற வழிக்குத் தள்ளுவது இதிலுள்ள முரண்.

ஐபோன்களில் முறை சற்று வேறு. புதிதாகப் பதிவேற்றும் எதுவும் அண்மைய உருவாக்கக் கருவிகளால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் கோருகிறது. 2025 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த கெடுவில் அது ஐஓஎஸ் 18க்கான கருவிகளாக இருந்தது. அதற்கேற்ற மேக் கணினி இல்லாதவர் தம் செயலியைத் திருத்துவது கடினம்.

ஆண்ட்ராய்டில் அடுத்த எண் 36. அந்த இலக்கை ஏற்ற செயலிகளுக்கு, திரை விரிவிலிருந்து தப்பிக்க உதவிய மேற்கண்ட ஒற்றை வரியை ஆண்ட்ராய்டு 16 கைபேசிகள் பொருட்படுத்துவதில்லை. இந்த முறை அதைச் சேர்த்து வேலையைத் தள்ளிப்போட்டவர்கள், அடுத்த திருத்தத்தின்போது ஒவ்வொரு திரையையும் திறந்து சரிசெய்தே ஆக வேண்டும்.