மெக்கர் பாஸ், மோட்டார் ஃபெயில்

பொட்டி தட்டுறவனுக்கு மோட்டார் காயிலைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்கிறவங்க, நான் இஞ்சினியரிங் படிச்சவன்ங்கிறதை ஒரு நிமிஷம் ஞாபகம் வெச்சுக்குங்க. (நானே அப்பப்ப மறந்துடுறேன், அது வேற விஷயம்.)

கோட்டுச்சேரிமேட்டுல சித்தப்பா வயல்ல ஒரு 5 குதிரைசக்தி மோனோபிளாக் பம்பு இருக்கு. மூணு பேஸ், ஸ்டார் கனெக்ஷன். கடைமடை ஊரு, ஆத்துத் தண்ணி வர்றப்போதான் வரும், மத்த நேரம் இந்த மோட்டார்தான் கதி. அது காயில் போச்சு. கட்டிக் கொண்டுவந்து மாட்டி பதினொரு நாள்தான் ஓடிச்சு, மறுபடி போச்சு. கட்டின கடைக்காரர் பில்லுலயே "மெக்கர் 200 மெகாஓம்"னு எழுதிக் குடுத்திருந்தார். "காயில் பக்காங்க, உங்க ஊரு வோல்டேஜ்தான் சரியில்லை"ன்னுட்டார். சித்தப்பாவும் நம்பிட்டார். நான் நம்பலை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

மெக்கர் என்ன பண்ணுது? ஒரு முனையை காயில்லயும் இன்னொரு முனையை மோட்டார் பாடியிலயும் வெச்சு 500 வோல்ட் டிசி குடுக்குது. செம்புக்கம்பியில இருந்து பாடிக்கு எவ்வளவு கரண்ட் கசியுதுன்னு பார்க்குது, அவ்வளவுதான். இந்த சைஸ் மோட்டாருக்கு 5 மெகாஓம் இருந்தாலே போதும்ங்கிறது ஐஈஈஈ 43 தரநிலை. 200ங்கிறது பிரமாதமான மார்க்தான். ஆனா ஒரே காயிலுக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு சுத்து எனாமல் உரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா? அந்த ரெண்டு சுத்தும் மெக்கருக்கு ஒரே கம்பி. பாடிக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற ஸ்லாட் பேப்பர் நல்லாத்தான் இருக்கு, அதனால 200 காட்டும். தெருக்கதவு பூட்டியிருக்கான்னு மட்டும் பார்த்துட்டு, வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி சண்டையே இல்லைன்னு சொல்ற மாதிரி.

சரி, ஒரு சுத்துதானே, போனா என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தா பகீர்னு இருக்கும். ஒரு பேஸுக்கு 6 காயில், காயிலுக்கு 40 சுத்து, மொத்தம் 240 சுத்து. பேஸுக்கு 240 வோல்ட், அதாவது சுத்துக்கு 1 வோல்ட். பேஸோட ரெசிஸ்டன்ஸ் 2.4 ஓம்னு வெச்சுக்குவோம், அப்போ ஒரு சுத்துக்கு 0.01 ஓம். ஒட்டிக்கிட்ட அந்த ஒத்தைச் சுத்து டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரி மாதிரி ஆகிடும். 1 வோல்ட்டை 0.01 ஓமால வகுத்தா 100 ஆம்பியர். 7 ஆம்பியருக்கு போட்ட கம்பியில! கசிவுக் காந்தப்புலத்தால நிஜத்துல கொஞ்சம் குறையும், ஆனாலும் அந்த ஒரு சுத்துல மட்டும் கிட்டத்தட்ட 100 வாட் சூடு. நல்லா இருக்கிற 240 சுத்தும் சேர்ந்து 7 ஆம்பியர்ல குடுக்கிற சூடே 118 வாட்தான்.

இதை ஓம் மீட்டர்ல பிடிக்கலாம்னு நினைச்சா அதுவும் கஷ்டம். 240ல ஒண்ணு போனா ரெசிஸ்டன்ஸ் 0.4 சதவீதம் குறையும். செம்பு 1 டிகிரி சூடானாலே அதே அளவு ஏறிடும். வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்தா போதும், கணக்கு அடிபட்டுப் போயிடும்.

எரிஞ்ச காயிலைப் பார்த்தாலே பாதி கதை தெரிஞ்சிடும். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோட். ஸ்டார் மோட்டார்ல ரெண்டு பேஸ் முழுசா கருகி ஒண்ணு பளபளன்னு இருந்தா, லைன்ல ஒரு பேஸ் போயிருக்கு. சித்தப்பா மோட்டார்ல கருகினது ஒரே ஒரு காயில், அதுவும் ஒரு ஓரத்துல. வோல்டேஜ் மேல பழி போட வழியே இல்லை.

இதைப் பிடிக்கத்தான் சர்ஜ் கம்பாரிசன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. புதுசு ஒண்ணும் இல்லை. 1926லயே ரைலாண்டர்ங்கிறவர் அதிக அதிர்வெண் வோல்டேஜ் குடுத்து சுத்துகளைச் சோதிக்கிறதைப் பத்தி எழுதினார். 1945ல மோசஸ், ஹார்ட்டர்ங்கிற ரெண்டு பேர் ஒப்பிட்டுப் பார்க்கிற முறையை விவரமா எழுதினாங்க. விஷயம் எளிமையானது: ஒரு கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணி காயில்ல திடீர்னு கொட்டுறது. கோயில் மணியை அடிச்ச மாதிரி காயில் அதிர்ந்து, அலை அலையா அடங்கும். அதிர்வெண் இதுதான்:

```
f = 1 / (2π√(LC))
```

ரெண்டு சுத்து ஒட்டியிருந்தா L குறையும், f ஏறும், ஸ்கிரீன்ல அலை இடது பக்கம் நகரும். மூணு பேஸோட அலையையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பார்த்தா, நல்ல மோட்டார்ல மூணும் ஒரே கோடு. நம்ம பாஷையில சொன்னா diff போட்டுப் பார்க்கிறது!

ரெண்டாவது தடவை எரிஞ்சப்போ வேற கடையில கட்டச் சொன்னோம். வார்னிஷ் போடுறதுக்கு முன்னாடி, ரோட்டர் இல்லாம வெறும் ஸ்டேட்டரை மட்டும் கார்ல ஏத்திக்கிட்டு இந்த மிஷின் இருக்கிற திருச்சி கடை ஒண்ணுக்குப் போனேன். (சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே.) முதல்ல மெக்கர், நல்லா இருந்துச்சு. அப்புறம் சர்ஜ். எவ்வளவு வரைக்கும் ஏத்தணும்ங்கிறதுக்கு நடைமுறைக் கணக்கு, லைன் வோல்டேஜ் ரெண்டு மடங்கு கூட்டல் 1000. 415க்கு 1830 வோல்ட். 1200 வரைக்கும் மூணு அலையும் ஒண்ணா இருந்துச்சு. 1400ல ஒரு பேஸ் மட்டும் டபக்குனு இடது பக்கம் தாவிச்சு. விளக்கை அணைச்சுட்டுப் பார்த்தா, காயில் வளையுற இடத்துல "டிக் டிக்"னு ஒரு குட்டி நீலப் பொறி. சுத்தியலால தட்டி வடிவம் கொண்டுவந்தப்போ அங்க எனாமல் நசுங்கியிருக்கு. அந்த ஒரு காயிலை மட்டும் மாத்தி, திரும்ப 1830 வரைக்கும் ஏத்திப் பார்த்து, அப்புறம்தான் வார்னிஷ்.

கவனிங்க, 1200ல அது பாஸ். ரெண்டு சுத்துக்கு நடுவுல இருக்கிற காத்து இடைவெளியில பொறி பறக்க குறைஞ்சது முன்னூத்திச் சொச்சம் வோல்ட் வேணும். ஓடுற மோட்டார்ல ஒரு காயில் முழுசுக்குமே 40 வோல்ட்தான். ஆனா ஸ்டார்ட்டர் ஆன் ஆகுற நொடியில வர்ற செங்குத்தான சர்ஜ், லைனை ஒட்டின காயில் மேலதான் பெரும்பங்கா விழும். தினமும் ஸ்விட்ச் போடுறப்போ ஒவ்வொரு அடியா வாங்கி, ஒருநாள் நிஜமாவே ஒட்டிக்கும். அந்த அடியை முன்கூட்டியே, அளவா குடுத்துப் பார்க்கிறதுதான் இந்த டெஸ்ட்.

இதுக்கும் எல்லை உண்டு. ரோட்டர் உள்ள இருந்தா நல்ல மோட்டார்லயே அலை விலகலாம். ரோட்டரைக் கையால திருப்பிப் பாருங்க, விலகல் கூடிக் குறைஞ்சா அது ரோட்டரோட வேலை. சில வகை வைண்டிங்ல மூணு பேஸும் பொறப்பிலேயே கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். அங்க பேஸோட பேஸை ஒப்பிடாம, ஒரே பேஸை வோல்டேஜ் ஏத்த ஏத்த அதோட பழைய அலையோடயே ஒப்பிடணும். ஈரமான பழைய மோட்டார்ல எடுத்த எடுப்புல முழு சர்ஜ் குடுக்கவும் கூடாது. அதனால மெக்கர் வேணாம்னு நான் சொல்லலை. அது முதல் டெஸ்ட்டா இருக்கட்டும், கடைசி டெஸ்ட்டா இருக்கக் கூடாது.

சின்னக் கடைக்காரர் ஒவ்வொருத்தரும் அந்த மிஷினை வாங்க முடியாது, ஒத்துக்கிறேன். நாலஞ்சு கடை சேர்ந்து ஒண்ணு வாங்கி, ஸ்டேட்டருக்கு இவ்வளவுன்னு வாடகை போட்டுக்கலாமே? ரெண்டாவது தடவை கட்டுற கூலியில பாதி குடுத்தாக்கூட சித்தப்பாவுக்கு லாபம்தான். அதுவரைக்கும் பில்லுல "மெக்கர் 200"னு எழுதுறதை காயிலுக்கு கேரண்டின்னு சொல்லாதீங்க. அது ஸ்லாட் பேப்பருக்கான கேரண்டி.

டிஸ்கி: மோட்டார் இந்த சம்பா முழுக்க ஓடிச்சு. உங்க ஊர்ல சர்ஜ் டெஸ்ட் பண்ணிக் குடுக்கிற கடை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த தடவை திருச்சி வரைக்கும் ஸ்டேட்டரைத் தூக்கிக்கிட்டு அலைய முடியாதுங்க.