இதயத்துக்கு நிறம் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு



போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், அறுவடைக்கு நிற்கும் சம்பா வயலில் தன் மகளோடு எடுத்த படத்தைப் போட்டாள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவளுடைய வகுப்புத் தோழன் அந்தப் படத்துக்குச் சிவப்பு இதயம் வைத்தான். அரை மணி நேரத்தில் அவள் அண்ணன், அவனும் என் மாணவன்தான், "எந்த அர்த்தத்துல போட்ட?" என்று கேட்டான். "சும்மாதாண்ணே" என்றான் இவன். அதற்குள் ஒருவர் எங்கிருந்தோ வந்த ஒரு அட்டவணையை அனுப்பினார். சிவப்பு காதல், மஞ்சள் நட்பு, நீலம் நம்பிக்கை, பச்சை பொறாமை, கறுப்பு துக்கம் என்று அதில் இருந்தது. அதை வைத்தே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். அவன் குழுவை விட்டுப் போய்விட்டான். அந்தப் பெண் படத்தை நீக்கிவிட்டாள்.

முதலில் அந்த அட்டவணையோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதை எழுதியது யார்? நம் 'அ' எழுத்துக்கு எல்லா போனுக்கும் பொதுவான ஒரு எண் இருப்பதுபோல ஒவ்வொரு இதயத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்களைக் கொடுப்பது யூனிகோடு கூட்டமைப்பு. நாம் சிவப்பாகப் பார்க்கும் இதயத்தின் எண் U+2764. அதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் HEAVY BLACK HEART, அதாவது கறுப்பு இதயம்! அந்தப் பெயர்களில் கறுப்பு என்றால் உள்ளே நிரப்பியது, வெள்ளை என்றால் வெறும் கோடு, அவ்வளவுதான். நீலம், பச்சை, மஞ்சள், ஊதா ஆகியவை 2010-இல் சேர்ந்தன. நிஜமான கறுப்பு 2016-இல், ஆரஞ்சு 2017-இல், வெள்ளையும் பழுப்பும் 2019-இல் வந்தன. எந்த நிறத்துக்கு எந்த உறவு என்று அவர்கள் சட்டம் எதுவும் போடவில்லை.

பச்சை பொறாமையாம். அது ஆங்கிலத்துப் பேச்சு. நமக்குப் பச்சை என்றால் நடவு முடிந்த வயல், விவசாயி தோளில் கிடக்கும் துண்டு, தர்காவில் போர்த்தும் போர்வை. மஞ்சள் எனக்குத் தாலிக் கயிறும் கல்யாணப் பத்திரிகையின் ஓரமும். என் பேரனுக்கு அது சென்னை சூப்பர் கிங்ஸ். ஊதாவை நான் கத்தரிக்காய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பி.டி.எஸ். பாட்டுக் குழுவின் நிறம் என்றும், அந்தக் குழுவின் வி என்ற பாடகர் 2016-இல் ரசிகர்களிடம் "ஐ பர்ப்பிள் யூ" என்று சொன்னதிலிருந்து வந்தது என்றும் பேத்தி பாடம் எடுத்தாள். கறுப்பு ஒருவருக்கு அபசகுனம், இன்னொருவருக்குப் பெரியார் சட்டை. இத்தனையையும் ஒரு அட்டவணையில் அடைக்க முடியுமா?

"அப்படின்னா நிறத்துல ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இருக்கிறது. ஆனால் அது நிறத்துக்குள் இல்லை. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் இருக்கிறது.

அந்தப் பையன் செய்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் குறிகள் வரிசையாக வருகின்றன. 2022 மே மாதம் அந்த வசதி வந்தபோது ஆறுதான் இருந்தன. கட்டைவிரல், சிவப்பு இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கைகூப்பு. அந்த ஆறில் இதயம் ஒன்றுதான், அதுவும் சிவப்பு. வேறு நிறம் வேண்டுமென்றால் கூட்டல் குறியை அழுத்தித் தேட வேண்டும். ஆக, குழுவில் எல்லோரும் பார்க்க, ஒரு படத்துக்கு வைத்த சிவப்பு இதயம் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த நிறம் அல்ல, கைக்கு வந்த நிறம். அதே சிவப்பு இதயத்தை ஒரு பெண்ணின் தனி எண்ணுக்கு, இரவு பதினொரு மணிக்கு, ஒரு வார்த்தையும் இல்லாமல் அனுப்பினால் அது வேறு. திரையில் பெரிதாக விழுந்து துடிக்கும். அவள் பதில் சொல்லாதபோதும் மறுநாள் இன்னொன்று போனால், அது என்ன நிறமாக இருந்தாலும் தொல்லைதான்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். "சவூதியில் சிவப்பு இதயம் அனுப்பினால் ஜெயில்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது பாதி உண்மை. அங்கே 2018-இல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரியால் வரை அபராதம். 2022 பிப்ரவரியில் அந்த நாட்டு நிபுணர் ஒருவர், விருப்பமில்லாதவருக்குச் சிவப்பு இதயம் அனுப்பி அவர் புகார் கொடுத்தால் அந்தச் சட்டம் பாயலாம் என்று எச்சரித்தார். அதுதான் காது மூக்கு வைத்து இங்கே வந்து சேர்ந்தது. பிரச்சினை சிவப்பு அல்ல, வாங்குகிறவரின் சம்மதம். பச்சை அனுப்பித் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

நானும் தப்பு செய்தவன்தான். ஒரு மரணச் செய்திக்கு, "அன்பானவர்" என்று நினைத்துக்கொண்டு அதே வரிசையிலிருந்து சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டேன். "சார், உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?" என்று இறந்தவரின் மகன் கேட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து சாவுக்கு எந்த நிறமும் வைப்பதில்லை, இரண்டு வரி எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கோயில் திருவிழாப் படத்துக்கு யார் ஆரஞ்சு வைத்தார்கள், கந்தூரிப் படத்துக்கு யார் பச்சை வைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிற வேலையும் தொடங்கியிருக்கிறது. முத்துப்பேட்டையில் இது விளையாட்டல்ல. ஊர்வல நாளில் தெருவெல்லாம் போலீஸ் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வானவில்லில் இருக்கிற ஒரு நிறம் போனுக்கு ஏழு ஆண்டு தாமதமாக வந்தது, அதற்கு மதம் சேர்ப்பது நம் கைவேலை. வைக்கிறவர்களும் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் மனதில் ஒன்றும் நினைக்காமல் இருக்கலாம், அந்தக் குழுவில் அது எப்படிப் படிக்கப்படும் என்று தெரிந்த பிறகும் வைத்தால், "சும்மா" என்று சொல்லும் உரிமை போய்விடும்.

கடைசியாக, அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்று குழுவில் நாற்பது பேர் பேசினீர்கள். இதயம் யாருக்கு வந்ததோ அவளிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் நான் போன் செய்தேன். "என் பொண்ணு பல்லு விழுந்து சிரிக்கிறதைப் பார்த்துப் போட்டிருக்கான்னு நினைச்சேன் சார். எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. இப்பதான் வெக்கமா இருக்கு" என்றாள். அந்த வெட்கத்தை அவளுக்குக் கொடுத்தது சிவப்பு இதயமா, நீங்களா?

அண்ணன்காரனே, உன் அக்கறை எனக்குப் புரிகிறது. முதலில் தங்கையைக் கேட்டிருக்க வேண்டும். இன்றே அவனுக்கு ஒரு போன் செய். தம்பி, நீ குழுவுக்குத் திரும்பி வா. அடுத்த முறை "பாப்பா சிரிப்பு அழகா இருக்கு" என்று நாலு வார்த்தை எழுது, தமிழ் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அட்டவணை அனுப்பியவர் அதை நீக்கிவிடவும்.

அம்மா, நீ அந்தப் படத்தைத் திரும்பப் போடு. முதல் குறி நான் வைக்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று உன் மகளைக் கேட்டுச் சொல்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாத்தியார் (ஓய்வு)
முத்துப்பேட்டை